டீ ட்ரீ எண்ணெய்: எத்தனை சொட்டு, எத்தனை நாள்?

ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மிதமான பொடுகுத் தொல்லை உள்ள 126 பேர் அதில் கலந்துகொண்டார்கள. ஒரு பகுதியினருக்கு ஐந்து சதவீத டீ ட்ரீ எண்ணெய் கலந்த ஷாம்பு, மற்றவர்களுக்கு அந்த எண்ணெய் இல்லாத ஷாம்பு. தினமும் தலையில் தேய்த்து, மூன்று நிமிடம் விட்டு அலச வேண்டும். நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது எண்ணெய் கலந்த ஷாம்பு போட்டவர்களுக்குப் பொடுகு 41 சதவீதம் குறைந்திருந்தது. மற்றவர்களுக்கு 11 சதவீதம்தான்.

இந்த எண்ணெய்க்கும் நாம் குடிக்கும் தேயிலைக்கும் உறவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் வளரும் மெலலூகா என்ற மரத்தின் இலையிலிருந்து வடித்தெடுப்பது இது. இதிலுள்ள டெர்பினென்-4-ஆல் என்ற பொருள்தான் பூஞ்சையின் மேலுறையைச் சிதைக்கிறது. பொடுகுக்குக் காரணமான மலசீசியா பூஞ்சை, தலைத்தோலின் எண்ணெய்ப் பசையைத் தின்று வாழ்வது. அதனால் இதைத் தேங்காய் எண்ணெயில் கலந்து இரவெல்லாம் தலையில் ஊறவிடுவதைவிட, ஷாம்புவில் கலந்து அலசிவிடுவதே பொருத்தம்.

வீட்டில் பலரும் தவறுவது கணக்கில்தான். நூறு மில்லி ஷாம்பு பாட்டிலில் பத்துச் சொட்டு விட்டுக் குலுக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். ஏறத்தாழ இருபது சொட்டு ஒரு மில்லி. ஆகவே பத்துச் சொட்டு என்பது வெறும் அரை சதவீதம். ஆய்வில் பயன்பட்டதில் பத்தில் ஒரு பங்கு. ஐந்து சதவீதம் வேண்டுமென்றால் 95 மில்லி ஷாம்புவுக்கு ஐந்து மில்லி எண்ணெய் தேவை. சொட்டின் அளவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும் என்பதால் ஊசியில்லாத சிரிஞ்சால் அளப்பது நல்லது. எண்ணெய் மேலே பிரிந்து நிற்கக்கூடும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிய பிறகே ஊற்ற வேண்டும்.

நகத்தின் கதை வேறு. அங்கே பூஞ்சை நகத்தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. மேலே தடவும் எதுவும் அவ்வளவு எளிதில் உள்ளே இறங்குவதில்லை. 1994இல் வெளியான ஆய்வொன்றில் 117 பேர் கலந்துகொண்டார்கள். கலக்காத எண்ணெயையோ ஒரு சதவீத குளோட்ரிமசோல் மருந்தையோ தினம் இரண்டு வேளை, ஆறு மாதம் தடவினார்கள். இரு தரப்பிலும் பத்துக்கு ஆறு பேருக்கு நகத்தின் தோற்றம் ஓரளவாவது தேறியது. ஆனால் ஆய்வகச் சோதனையில் பூஞ்சை இல்லாமல் போனது எண்ணெய் தடவியவர்களில் 18 சதவீதத்தினருக்கு, மருந்து தடவியவர்களில் 11 சதவீதத்தினருக்கு மட்டுமே. நகம் பார்க்க நன்றாகிவிட்டது என்பதாலேயே பூஞ்சை போய்விட்டதாகச் சொல்ல முடியாது.

கால் பெருவிரல் நகம் முழுதாக மாறி வளர ஓராண்டுக்கு மேல் ஆகும். அடியிலிருந்து தெளிவான புது நகம் ஏறி வருகிறதா என்பதுதான் பலனைக் காட்டும் அடையாளம். தடித்து மஞ்சளாகும் நகமெல்லாம் பூஞ்சையால் வந்ததும் அல்ல. சொரியாசிஸ், இறுக்கமான செருப்பு, பழைய அடி ஆகியவையும் அப்படிச் செய்யும். நகத்துண்டைச் சோதித்து உறுதி செய்தபின் மருத்துவர் தரும் டெர்பினாஃபின் மாத்திரை இந்த எண்ணெயைவிடப் பல மடங்கு நம்பத்தக்கது. சர்க்கரை நோயாளிகள் கால் நகத்தில் சொந்த வைத்தியம் செய்யாமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒவ்வாமை பெரும்பாலும் பழைய எண்ணெயிலிருந்து வருகிறது. பாட்டிலைத் திறந்து மூடும்போதெல்லாம் காற்று புகுந்து எண்ணெயை மாற்றுகிறது. அப்போது உருவாகும் பெராக்சைடு போன்ற பொருள்கள் தோலைச் சீண்டுகின்றன. அடர்நிறக் கண்ணாடி பாட்டிலில், இறுக மூடி, வெயில் படாமல் வைக்க வேண்டும். மாதக்கணக்கில் திறந்து கிடந்ததைத் தோலில் தடவக்கூடாது.

முதலில் சோதித்துப் பார்க்க, 19 மில்லி தேங்காய் எண்ணெயில் ஒரு மில்லி கலந்துகொள்ளலாம். அதில் ஒரு சொட்டை முழங்கையின் உட்புறத்தில், நாணய அளவு இடத்தில், காலையும் மாலையும் ஏழு நாள் தடவ வேண்டும். ஒரே நாளில் முடிவெடுக்கக்கூடாது. தடவியதும் எரிந்து, கழுவியதும் அடங்கினால் அது பெரும்பாலும் எரிச்சல். ஓரிரு நாள் கழித்து அரிப்பும் சிவப்பும் சிறு கொப்புளமும் தோன்றி, தடவிய இடத்தைத் தாண்டிப் பரவினால் ஒவ்வாமை என்று சந்தேகிக்க வேண்டும். தோல் மருத்துவர் இதை முதுகில் ஒட்டுப்பட்டை வைத்து உறுதி செய்வார். இரண்டு நாளில் பட்டையை எடுத்துப் பார்த்து, மறுபடி நான்காம் நாளும் பார்ப்பார்.

ஏழு நாளில் ஒன்றும் வரவில்லை என்பது நிரந்தர உத்தரவாதம் அல்ல. பல வாரம் பயன்படுத்திய பிறகும் ஒவ்வாமை தொடங்கலாம். ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். தலையோடு காதோரமும் கழுத்தும் அரிக்கத் தொடங்கினால் அன்றே நிறுத்த வேண்டும். இந்த எண்ணெய் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. சிறுகுழந்தைகள் சிறிதளவு விழுங்கினாலும் தள்ளாடி மயங்கக்கூடும். குழந்தைக்கு எட்டாத அலமாரியில் பாட்டிலை வைத்து, தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.