1990இல் வாங்கிய காணிக்கு 2017 விலை

மதுரங்குளியில் ஒருவர் 1990இல் 50,000 ரூபாய்க்குத் தென்னங்காணி ஒன்று வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது 70 இலட்சத்துக்கு விற்கிறார். அவருடைய இலாபம் எவ்வளவு? உறுதியில் உள்ள விலையைக் கழித்தால் 69½ இலட்சம் என்று வரும். ஆனால் 1990இல் 50,000 ரூபாய்க்கு வாங்க முடிந்ததை இன்று அந்தப் பணத்தால் வாங்க முடியாது. இந்தத் தொகையில் ஒரு பங்கு ரூபாயின் தேய்மானமே.

இந்தியா இதற்கென்று ஆண்டுதோறும் பணவீக்கக் குறியீடு ஒன்றை வெளியிடுகிறது. 2001-02க்கு 100, 2005-06க்கு 117, 2025-26க்கு 376. 2005-06இல் 10 இலட்சத்துக்கு வாங்கிய மனையின் அடக்கவிலை, இந்தக் கணக்கில் 32 இலட்சத்தைத் தாண்டும். 2024 ஜூலை 23 முதல் நடக்கும் விற்பனைகளில் இந்தச் சலுகை சுருங்கிவிட்டது. அந்தத் தேதிக்கு முன் வாங்கிய காணி, கட்டடத்துக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபரும் இந்துக் கூட்டுக் குடும்பமும் மட்டுமே இதைக் கணக்கில் எடுக்கலாம். சென்னையில் வீடு வைத்திருக்கும் வெளிநாட்டுவாசிக்கு அது கிடையாது.

இலங்கையில் அப்படியொரு குறியீடே இல்லை. மூலதன ஆதாய வரி 2018 ஏப்ரலில் மீண்டும் வந்தபோது, சட்டம் ஒரு நாளைக் குறித்தது: 2017 செப்டெம்பர் 30. அன்று உங்கள் கையில் இருந்த காணிக்கு, அன்றைய சந்தை மதிப்பே அடக்கவிலை. நம் தென்னங்காணி அன்று 30 இலட்சம் பெறுமென்றால், வரிக்குரிய இலாபம் 40 இலட்சம்தான். 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கு வரி வீதம் 15 சதவீதம். ஆக வரி 6 இலட்சம். பழைய உறுதி விலையை வைத்துக் கணக்கிட்டால் 10 இலட்சத்துக்கு மேல் போயிருக்கும்.

ஆகவே விற்பவருக்கு முக்கியமான தாள் மதிப்பீட்டு அறிக்கை. தகுதிபெற்ற மதிப்பீட்டாளர், 2017ஐ ஒட்டிய காலத்தில் பக்கத்துக் காணிகள் எழுதப்பட்ட உறுதிகளைப் பார்த்து, பாதை வசதி, மரங்களின் வயது, பரப்பு ஆகியவற்றைச் சேர்த்து மதிப்பிட வேண்டும். இன்றைய விலையிலிருந்து மனக்கணக்காகப் பின்னோக்கிக் குறைத்துச் சொல்லும் அறிக்கை விசாரணையில் நிற்காது. அக்கம்பக்க விற்பனைகள் பெயர் சொல்லிக் காட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். 2017க்குப் பின் தோண்டிய கிணறு, கட்டிய மதில் போன்ற நிலையான செலவுகளை, பற்றுச்சீட்டு இருந்தால், தனியாகக் கூட்டலாம். அதற்கு முன் செய்தவை அன்றைய மதிப்புக்குள்ளேயே அடங்கிவிட்டன, மறுபடி கூட்டக்கூடாது.

இந்த ஏற்பாட்டின் குறை, 2017க்குப் பின் கடிகாரம் நின்றுவிட்டதுதான். 2022 நெருக்கடியில் கொழும்பு நுகர்வோர் விலைகளின் ஓராண்டு உயர்வு 70 சதவீதத்தை நெருங்கியது. 2017இலிருந்து விலைவாசி இருமடங்கைத் தாண்டிவிட்டது. வெறும் இருமடங்கு என்றே வைத்தாலும் 30 இலட்சம் 60 இலட்சமாகும்; உண்மை இலாபம் 10 இலட்சம், வரி ஒன்றரை இலட்சம். இன்றைய சட்டப்படி கட்டுவது 6 இலட்சம். 2018இல் வாங்கியவருக்கு இந்தப் பாதிச் சலுகையும் இல்லை. அவருக்கு உறுதி விலைதான்.