உதிர்ந்த புருவமும் மென்மையான தூரிகையும்

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் சகோதரிகளில் பலர் தலைமுடி உதிரும் என்பதை முன்கூட்டியே அறிந்து மனத்தைத் திடப்படுத்திக்கொள்கின்றனர். முக்காடு அக்குறையை மறைத்தும் விடுகிறது. ஆனால் சில வாரங்கள் கழிந்து புருவமும் இமைமுடியும் உதிரத் தொடங்கும்போதுதான் பலர் கலங்கிப் போகின்றனர். முக்காட்டுக்குள் தெரிவது முகம் மட்டுமே. அம்முகத்தில் புருவம் இல்லையென்றால், காண வருவோர் அனைவரும் நோயைப் பற்றியே விசாரிக்கின்றனர்.

இந்நிலையில் உள்ள ஒரு தாய்க்கு, அவருடைய சொந்தப் புருவம் போலவே தோன்றும்படி மெல்லத் தீட்டிவிடுவது எப்படி என்பதையே இங்கு விளக்க விரும்புகிறோம்.

மார்க்கம் தடுத்தது எது?

புருவ முடியைப் பறித்து மெலிதாக்குவதைக் கண்டிக்கும் நபிமொழி, இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. அங்கே பேசப்படுவது இருக்கும் முடியைப் பறிப்பதாகும். நோயால் உதிர்ந்த இடத்தில் கழுவினால் போய்விடும் பொடியைப் பூசுவது வேறு செயல். ஊசியால் குத்தி நிறமேற்றுவதோ, பச்சை குத்துதலின் பாற்பட்டது. அதையும் மார்க்கம் தடுத்துள்ளது. கணவனை இழந்து இத்தாவில் இருப்பவர் சுருமாவையும் ஒப்பனையையும் தவிர்க்க வேண்டும் என்பதும் தெரிந்ததே. அந்நியர் முன் செல்லும்போது கவனிக்க வேண்டிய வரம்புகளைத் தத்தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க.

அடுத்து வரும் கேள்வி ஒளூவைப் பற்றியது. உலர்ந்த பொடி தோலின்மேல் படலமாக நிற்பதில்லை. நீர் பட்டதும் கலைந்துவிடும். மெழுகு கலந்த பென்சிலும் 'வாட்டர்புரூஃப்' என விற்கப்படும் பசையும் நீரைத் தோலில் படவிடாமல் தடுக்கக் கூடியவை. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். புறங்கையில் சிறிது பூசி, உலர்ந்தபின் ஒரு சொட்டு நீர் விடுங்கள். நீர் முத்துப்போல் உருண்டு ஓடினால் அது படலம். ஒளூவுக்கு முன் அதனை முழுதும் நீக்க வேண்டும். நீர் பரவி, விரலால் தேய்த்ததும் நிறம் கரைந்து வந்தால் அது பொடி.

முதலில் காரணத்தை அறிக

புருவம் குறைவது எல்லோருக்கும் ஒரே காரணத்தால் அன்று. புருவத்தின் வெளிப்புற மூன்றில் ஒரு பகுதி மட்டும் மெலிந்து, உடல் சோர்வும் மலச்சிக்கலும் இருந்தால் தைராய்டு குறைபாடு இருக்கலாம். நாணயம் போல் வட்டமாக உதிர்ந்தால் புழுவெட்டாக இருக்கலாம். வெளிப்புறப் புருவம் உதிர்வதோடு உடலில் உணர்வற்ற தேமலும் காணப்பட்டால் தொழுநோய்க்கான பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் அதற்கு இலவசமாக மருந்து தருகின்றனர், முழுதும் குணமாகும். காரணம் தெரியாமல் தீட்டி மறைத்தால் நோயும் சேர்ந்து மறைந்துவிடும்.

ஒரு தாயும் மகளும்

நாற்பத்தைந்து வயதுடைய மாநிறத் தாய் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மருந்தினால் இருபுறமும் சில முடிகளே எஞ்சியுள்ளன. மகள் உம்மாவைச் சன்னல் எதிரே, இரு கன்னத்திலும் வெளிச்சம் சமமாக விழும்படி அமர்த்துகிறாள். நோய்க்கு முன் எடுத்த புகைப்படம் ஒன்றை அருகில் வைத்துக்கொள்கிறாள். வேறொரு பெண்ணின் புருவம் இங்கே மாதிரி ஆகாது. படத்தில் உம்மாவின் புருவம் தொடக்கத்தில் அகன்று, வளைவு குறைந்து, இடப்புறம் சற்றே தாழ்ந்திருக்கிறது. அந்தத் தாழ்வையும் அப்படியே வைக்க வேண்டும். இரண்டையும் அச்சு வார்த்தாற்போல் சமப்படுத்தினால் முகம் அந்நியமாகிவிடும்.

அளவுக்கு ஒரு பென்சில் போதும். அதனை மூக்கின் பக்கவாட்டில் செங்குத்தாக வைத்தால் மேலே தொடும் இடம் புருவத்தின் தொடக்கம். மூக்கோரத்திலிருந்து கண்ணின் வெளிமூலை வழியாகச் சாய்த்தால் தொடும் இடம் அதன் முடிவு. நேரே பார்க்கும் கருவிழியின் வெளியோரம் வழியாகச் சாய்த்தால் வளைவின் உச்சி கிடைக்கும். இம்மூன்றும் வழிகாட்டிகளே, படத்தோடு மாறுபட்டால் படத்தையே பின்பற்ற வேண்டும். விரலால் தடவினால் புருவ எலும்பின் மேடும் தட்டுப்படும்.

நிறத்தில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். முடி கருமையானது என்பதால் கருமையையே பூசினால் கரிக்கோடு போல் தெரியும். கருமுடிக்குச் சாம்பல் கலந்த அடர் பழுப்பும், நரை கலந்த முடிக்கு அதனினும் வெளிறிய சாம்பல் நிறமும் பொருந்தும். சிவப்புச் சாயலுள்ள பழுப்பு நம் நிறத்தில் துரு போல் தோன்றும்.

மகள் முதலில் முகத்தைத் துடைத்து, சிறிதளவு முகப்பவுடரை ஒற்றுகிறாள். தூத்துக்குடி, காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் வியர்வை நிற்காது. எண்ணெய்ப் பசை இருந்தால் நிறம் வழிந்துவிடும். பின் சாய்வாக வெட்டப்பட்ட மென்மையான சிறு தூரிகையின் நுனியில் மட்டும் பொடியை எடுத்து, புறங்கையில் தட்டி மிகுதியை உதிர்க்கிறாள். தொடக்கத்திலிருந்து அல்ல, நடுவிலிருந்து ஆரம்பிக்கிறாள். முடி வளரும் திசையில் குறுகிய கீற்றுகளாக, முதலில் கீழ் விளிம்பு, பிறகு வால்பகுதி. தூரிகையில் மிஞ்சியிருக்கும் சொற்பப் பொடியையே மூக்கின் பக்கமுள்ள தொடக்கத்திற்கு மேல்நோக்கித் தடவுகிறாள். அங்கே அடர்த்தி மிகுந்தால் முகம் கோபமாகத் தெரியும். இறுதியில் சுத்தமான உலர்ந்த தூரிகையால் ஒருமுறை வருடினால் கீற்றுகளின் ஓரம் மங்கும்.

பிறகு மூன்றடி பின்னால் நின்று பார்க்கிறாள். முகத்தைப் பார்க்கும் முன் புருவம் கண்ணில் பட்டால் பொடி மிகுந்துவிட்டது என்று பொருள். உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

இமையோரம்

நம் முத்துக்குளித்துறைக் கரையில் இமையோரம் என்றதும் சுருமாதான் நினைவுக்கு வரும். யூனானி வைத்தியர்கள் முத்தைப் பொடித்துச் சேர்த்த சுருமாவும் உண்டு. நபிமொழியில் புகழப்பட்டுள்ள இத்மித் கல் நூல்களில் அஞ்சனக்கல் எனப்படுகிறது. ஆனால் கடைகளில் சுருமா என்று விற்கப்படும் பல பொடிகள் ஈயக் கந்தகக் கல்லை அரைத்தவை என ஆய்வுகள் கண்டுள்ளன. ஈயம் இரத்தத்தில் சேர்வது குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. கல்லின் மினுமினுப்பைக் கண்டு வேறுபாடு அறிய இயலாது. ஆகவே உட்பொருள் அச்சிடப்படாத பொடியைக் கண்ணில் இடாதிருப்பதே நலம். குழந்தைகளுக்கு அறவே வேண்டா.

இமைமுடி உதிர்ந்தவருக்குக் கண்ணில் தூசி எளிதில் விழும், நீரும் வடியும். ஆகவே இமையின் உள்விளிம்பில் எதையும் இடலாகாது. கண்ணை மூடச் செய்து, மெல்லிய தூரிகையால் அதே பழுப்புப் பொடியை மேலிமையின் வேர் வரிசையில், வெளிமூலையிலிருந்து புள்ளி புள்ளியாக ஒற்ற வேண்டும். கோடாக இழுக்க வேண்டா. புள்ளிகள் சேர்ந்து தூரத்திலிருந்து இமைமுடியின் நிழலாகத் தெரியும். கீழிமைக்குத் தேவையில்லை. கண் சிவந்தாலோ எரிந்தாலோ அன்றே நிறுத்திவிடுக.

மருந்துக் காலத்தில் உடலின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். அதனால் தூரிகையை வாரம் ஒருமுறை மென்மையான ஷாம்பூவில் கழுவிக் கவிழ்த்து உலர்த்த வேண்டும். பிறர் அதனைப் பயன்படுத்தலாகாது. இரவில் தேய்க்காமல், நனைத்த பஞ்சை வைத்து எடுத்துத் துடைக்க வேண்டும். எஞ்சிய முடிகளை அதுவே காக்கும்.

சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலோருக்குப் புருவம் மீண்டும் முளைக்கும். முதலில் மெலிதாகவும் ஒழுங்கின்றியும் வரும். அவ்வேளையில் ஒழுங்கு செய்கிறோம் எனப் பறித்துவிடாதீர்கள். முளைக்க முளைக்கப் பொடியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு நாள் உம்மாவின் முகத்தில் தூரிகைக்கு வேலையே இராது, இன்ஷா அல்லாஹ்.