நூறு ரேலியில் ஐம்பத்தைந்து

2017 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் நடந்த உலக பேட்மிண்டன் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 110 நிமிடப் போராட்டத்துக்குப் பிறகு 19-21, 22-20, 20-22 என்ற கணக்கில் பி.வி.சிந்து ஜப்பானின் நொசோமி ஒகுஹாராவிடம் தோற்றார். புள்ளிகளைக் கூட்டினால் சிந்துவுக்கு 61, ஒகுஹாராவுக்கு 63.

ஒரு ரேலியை வெல்லும் வாய்ப்பு தெரிந்தால், போட்டியை வெல்லும் வாய்ப்பைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். ஒரு வீராங்கனை நூற்றுக்கு 55 ரேலிகளை வெல்பவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் 21-19 என்று ஒரு கேமை வெல்ல, கடைசிப் புள்ளி கட்டாயம் அவருடையதாக இருக்க வேண்டும். அதற்கு முந்தைய 39 புள்ளிகளில் 20 அவருக்கு, 19 எதிராளிக்கு. எந்த வரிசையில் வந்தாலும் சரி. அப்படி எத்தனை வரிசைகள் உண்டோ, அத்தனையின் வாய்ப்பையும் கூட்ட வேண்டும். 21-0 முதல் 21-18 வரைக்கும் இதே வழிதான்.

20-20 ஆகிவிட்டால் கணக்கு சுலபம். அடுத்த இரண்டையும் இவர் வெல்ல 0.55 × 0.55, அதாவது 0.3025. எதிராளி வெல்ல 0.2025. ஆளுக்கொன்று என்றால் மறுபடியும் சமநிலை. ஆகவே இவருடைய பங்கு 0.3025 / 0.505, சுமார் 60 சதவீதம். 30 புள்ளியோடு கேம் முடியும் என்ற விதி இதை மிகச் சிறிதே மாற்றும்.

எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு கேமை வெல்லும் வாய்ப்பு 74.5 சதவீதம் வருகிறது. மூன்றில் இரண்டு கேம் வெல்லும் வாய்ப்புக்குச் சூத்திரம் இது, g என்பது கேம் வாய்ப்பு:

```
g*g*(3 - 2*g)
```

விடை 84 சதவீதம். ரேலியில் இருந்த 55, போட்டியில் 84 ஆகிவிட்டது! பந்தய மொழியில் சொன்னால், இவர் மீது கட்டிய ஒரு ரூபாய்க்கு நியாயமாகத் திரும்ப வேண்டியது 1.19 ரூபாய்தான். எதிராளி மீது கட்டியிருந்தால் ஆறு ரூபாய்க்குச் சற்று மேல்.

ஆட்டம் நீண்டால்தான் சிறு மேன்மை இப்படிப் பெருகும். இதே வீராங்கனை 18-18இல் நிற்கும்போது அந்த கேமை வெல்லும் வாய்ப்பு 61 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. மிச்சமிருக்கும் ரேலிகள் குறைவு, அவ்வளவுதான்.

சிக்கல் அந்த 55 எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. 80 ரேலி நடந்த ஒரே ஆட்டத்திலிருந்து அதை எடுத்தால், அதிர்ஷ்டம் மட்டுமே ஐந்தரைப் புள்ளி வரை மேலும் கீழும் தள்ளிவிடும். அந்த ஆட்டம் அடிக்கடி இதைவிடவும் விலகும். உண்மை விகிதம் 50 ஆகவே இருக்கலாம். அப்போது 84 என்ற விடைக்கு மதிப்பே இல்லை. பிழையை ஒரு புள்ளிக்குள் கொண்டுவர சுமார் 2,500 ரேலிகள் வேண்டும். களைப்பும் அரங்கக் காற்றும் விகிதத்தை ஆட்டத்தின் நடுவிலேயே மாற்றுவது தனிக்கதை.

இப்போது கிளாஸ்கோவுக்குத் திரும்புவோம். 124 ரேலியில் 63 என்றால் 50.8 சதவீதம். அதைச் சூத்திரத்தில் போட்டால் ஒகுஹாராவுக்கு வெறும் 56 சதவீத வாய்ப்பு. அதிலும் நாலரைப் புள்ளிப் பிழை ஒளிந்திருக்கிறது. இருவரில் யார் மேல் என்று அந்த ஓர் ஆட்டத்தை வைத்துச் சொல்லவே முடியாது.