ஒரு டம்ளர் பாலில் எவ்வளவு புரதம்?

பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். எருமைப்பாலில் அது 83 பங்குக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். இந்த நாலு பங்கு வித்தியாசத்தின் பெரும்பகுதி கொழுப்பு. 200 மில்லி பிடிக்கும் டம்ளரில் கறந்த பசும்பாலை ஊற்றினால் சுமார் 8 கிராம் கொழுப்பும், ஆறரை கிராம் புரதமும், லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை ஒன்பதரை கிராமும் கிடைக்கும். அதே டம்ளர் எருமைப்பாலில் கொழுப்பு 13 கிராமைத் தாண்டும். புரதம் ஏழரை, சர்க்கரை 10 கிராம். மாட்டின் இனம், தீவனம், கறவைக் காலம் ஆகியவற்றால் இந்த எண்கள் சற்று ஏறி இறங்கும்.

ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 கலோரி. கணக்குப் போட்டால் பசும்பால் டம்ளருக்கு ஏறக்குறைய 135 கலோரி, எருமைப்பாலுக்கு 190. எருமைப்பாலில் தயிர் கெட்டியாக உறைவதற்கு அதில் கூடுதலாக உள்ள கொழுப்பும் புரதமும்தான் காரணம்.

அந்தக் கெட்டிப்பாலில் தண்ணீர் கலந்து நீட்டுவது பழைய வழக்கம். 150 மில்லி எருமைப்பாலில் 50 மில்லி தண்ணீர் சேர்த்தால் கொழுப்பு 10 கிராமாக இறங்கும். அப்போதும் அது பசும்பாலைவிடக் கொழுமையாகவே தெரியும். புரதமோ ஐந்தரை கிராம் சொச்சத்துக்கு வந்து, பசும்பாலுக்குக் கீழே போய்விடும். நாக்கு கொழுப்பைத்தான் கண்டுபிடிக்கும். புரதம் குறைந்தது அதற்குத் தெரியாது. 1940களில் பம்பாயில் டி.என். குரோடி உருவாக்கிய டோன்டு பால் இந்தக் குறையைச் சரிசெய்தது. எருமைப்பாலில் தண்ணீரோடு கொழுப்பு நீக்கிய பால் பவுடரையும் கலந்ததால் கொழுப்பு குறைந்தது, புரதம் நின்றது. இன்று டோன்டு பாக்கெட்டில் கொழுப்பு குறைந்தது 3 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு டம்ளருக்கு அது 6 கிராம். புரதம் பசும்பாலை ஒட்டியே இருக்கும்.

தாவரப் பால்களில் இந்தப் புரதத்துக்கு ஈடு கொடுக்கக்கூடியது சோயா பால். ஊறவைத்த சோயா பயறை அரைத்து, காய்ச்சி, வடிகட்டி எடுப்பது அது. ஒரு டம்ளருக்கு ஏறக்குறைய 20 கிராம் பயறு போகிறது. பயறின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம். சக்கையோடு போவது போக டம்ளரில் 6 முதல் 7 கிராம் தங்கும். கொழுப்பு 4 கிராம், கலோரி 80 அளவு. அந்தப் புரதத்தின் தரமும் பால் புரதத்துக்கு அருகில் வரும்.

பாதாம் பாலின் கதை வேறு. கடைப் பெட்டிகளில் பாதாம் பெரும்பாலும் 2 அல்லது 3 சதவீதம்தான். இரண்டரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 200 மில்லியில் 5 கிராம், அதாவது நாலைந்து பாதாம் பருப்பு. பாதாமில் ஐந்தில் ஒரு பங்கு புரதம், பாதி கொழுப்பு. ஆக டம்ளரில் புரதம் 1 கிராம், கொழுப்பு இரண்டரை கிராம். சர்க்கரை சேர்க்காவிட்டால் 30 கலோரிக்குள் அடங்கிவிடும். அது கெட்டியாகத் தெரிவது பெரும்பாலும் உடன் சேர்க்கும் பசைப்பொருளால். எடை குறைக்க விரும்புகிறவருக்கு அது பொருந்தலாம். பாலுக்குப் பதிலாகக் குழந்தைக்குக் கொடுத்தால் புரதத்தில் ஆறில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். வீட்டில் 20 கிராம் பாதாமை அரைத்து வடிகட்டாமல் குடித்தால் 4 கிராம் புரதம் உண்டு.

ஓட்ஸ் பாலில் மாவுச்சத்து மிகுதி: டம்ளருக்கு 13 கிராம் அளவு, புரதம் 2 கிராம். தயாரிக்கும்போது அமைலேஸ் என்ற நொதி ஓட்ஸின் ஸ்டார்ச்சை உடைத்து மால்டோஸ் சர்க்கரையாக்குகிறது. ஆகவே ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று அச்சிட்ட பெட்டியிலும் 7, 8 கிராம் சர்க்கரை இருக்கக்கூடும். நீரிழிவுக்காரர்கள் முகப்பு வாசகத்தை விட்டுவிட்டு, பின்புறம் ‘மொத்த சர்க்கரை’ என்ற வரியைப் பார்ப்பது நல்லது. லாக்டோஸ் செரிக்காதவருக்கு இதனால் வயிறு உப்பாது, ஏனென்றால் இது வேறு சர்க்கரை.

தேங்காய்ப்பால் குழம்புக்கும் ஆப்பத்துக்கும் உரியது. முதல் பாலை டம்ளர் நிறையக் குடித்தால் கொழுப்பே 40 கிராம் வரும், அதில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு.

பெட்டியின் பின்புற அட்டவணை பெரும்பாலும் 100 மில்லிக்குக் கொடுக்கப்படுகிறது. டம்ளருக்கு அதை இரட்டிப்பாக்க வேண்டும். அதில் புரதம் 3 என்று இருந்தால் அது பசும்பாலுக்கு நிகர். ஒன்றுக்குக் கீழே இருந்தால், அன்றைய புரதம் பருப்பிலோ முட்டையிலோ வந்தாக வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு இவற்றில் எதுவும் தாய்ப்பாலுக்கு மாற்று ஆகாது, பசும்பாலும் ஆகாது.