ஊசி போடாத வைத்தியம்

தனியாகத் தொழில் பார்க்கும் கால்நடை மருத்துவரின் பலகையில் பெயர், பட்டம், பதிவு எண், அதன்கீழ் ‘மாடு, ஆடு, நாய், கோழி’ என்று ஒரு வரி இருக்கும். இதை மட்டும் வைத்து மாட்டுக்காரர் எதையும் முடிவு செய்ய முடியாது. ‘கம்பி விழுங்கிய மாட்டுக்கு வயிற்று அறுவை, கருப்பை முறுக்குச் சரிசெய்தல்’ என்று எழுதினால் நிலைமை வேறு. மாட்டை நிற்கவைத்தே, இடது விலாவில் மரத்துப்போக ஊசி போட்டு, வயிற்றைத் திறந்து கம்பியை எடுக்கும் வேலைக்கு எல்லாரும் கை வைப்பதில்லை. யாரிடம் மாட்டை ஏற்றிப்போவது என்று அந்த வரி சொல்லிவிடும்.

பண்ணை ஆலோசனையைத்தான் பலகையில் காட்டுவது கடினம். அதைச் செய்துதான் காட்ட வேண்டும்.

எட்டுக் கறவை மாடுகள் உள்ள பண்ணை என்று வைத்துக்கொள்வோம். பால் குறைகிறது, சொசைட்டியில் சத்தும் குறைவாகக் காட்டுகிறது. ஆனால் மடியில் வீக்கமில்லை, பாலும் வெள்ளையாகவே இருக்கிறது. மருத்துவர் நான்கு குழி உள்ள தட்டை மடிக்குக் கீழே பிடித்து, முதல் பீச்சலைத் தள்ளிவிட்டு, காம்புக்கு ஒரு குழியாகப் பால் எடுக்கிறார். அதே அளவு சோதனைத் திரவத்தை ஊற்றிச் சுழற்றுகிறார். சில நொடிகளில் ஒரு குழி மட்டும் கோழையாகத் திரிகிறது. எந்தக் காம்பில் மறைந்த மடிநோய் இருக்கிறது என்று உரிமையாளர் தன் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார். பத்து நிமிடப் பேச்சைவிட இது மேல்.

அதன்பிறகு மருத்துவர் கறப்பவரைக் கவனிக்கிறார். கட்டைவிரலை மடக்கி அழுத்திக் கறந்தால் காம்பு உள்ளே புண்ணாகும். எட்டு மடியையும் ஒரே துணியில் துடைத்தால் நோய் வரிசையாகப் பரவும். நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறக்கச் சொல்கிறார். கறந்தபின் காம்பை அயோடின் கரைசலில் முக்கவும், தீவனத்தை அப்போதே போடவும் சொல்கிறார். காம்புத் துளை மூட அரைமணி நேரமாவது பிடிக்கும். தின்றுகொண்டிருக்கும் மாடு அதுவரை சாணியில் படுக்காது.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. அழற்சி இருப்பதைக் காட்டுமே தவிர எந்தக் கிருமி என்று சொல்லாது. புதிதாக ஈன்ற மாட்டிலும் பால் வற்றப்போகும் மாட்டிலும் நோயில்லாமலே திரியலாம். எந்த மருந்து கேட்கும் என்பதற்குப் பாலை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் மருந்தில் சொன்ன நாட்கள்வரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. இதை முன்கூட்டியே சொல்லாத ஆலோசகரை நான் நம்பமாட்டேன்.

ஊசியே போடாமல் வந்துபோனதற்கு எதற்குக் காசு என்று கேட்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அதனால் விவரமான மருத்துவர்கள் எந்த மாடு, எந்தக் காம்பு, எத்தனை லிட்டர் என்று பண்ணையிலேயே ஒரு நோட்டில் எழுதிவைத்து, அடுத்த மாதம் அதே தட்டோடு வந்து மறுபடி சோதித்து, இரண்டு பக்கத்தையும் அருகருகே விரித்துக் காட்டுகிறார்கள். கட்டணப் பேச்சை அதற்கப்புறம்தான் எடுக்கிறார்கள்.