பேச்சும் எழுத்தும்

1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலப் பகுதியாக விளங்கிய தேங்காய்ப்பட்டணத்தில் மலையாளம் பேசத் தெரிந்தும் எழுதப் பழகாதோர் உண்டு. அவர்களுள் ஒருவர், திருவனந்தபுரத்து மருத்துவமனை ஒன்றின் வரவேற்பாளர் பணிக்கு விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். "மலையாளம் பேசவும் எழுதவும் தெரிந்திருத்தல் வேண்டும்" என்கிறது விளம்பரம். அவரது தன்விவரக் குறிப்பிலோ, "மலையாளம் நன்கு தெரியும்" என்று மட்டுமே உள்ளது.

தேர்வாளர் இரு திறனுக்கும் தனித்தனியே சான்று தேடுவார். களியக்காவிளைக் கடையொன்றில் மலையாள வாடிக்கையாளரோடு ஈராண்டு உரையாடிய பணி, பேச்சுக்குச் சான்றாகும், எழுத்துக்கு ஆகாது. எழுத்துக்கு, அம்மொழியைப் பள்ளியில் பயின்ற மதிப்பெண் பட்டியலோ, அம்மொழியில் பதிவேடு எழுதிய அனுபவமோ வேண்டும். பட்டியலும் முன்பு கற்றதையே காட்டும்; இன்றைய திறனை, நேர்காணலில் எழுதச் சொல்லும் ஒரு பத்தி காட்டிவிடும். ஆதலின், "பேசுவேன், எழுதக் கற்று வருகிறேன்" எனக் குறிப்பதே பொருந்தும்.