தீபாவளி ஷிப்டும் இரட்டைச் சம்பளமும்

“தீபாவளி வரை கடை காலை 9 முதல் இரவு 11 வரை. முதல் ஷிப்ட் 9 முதல் 6; அடுத்தது 2 முதல் 11. ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. விருப்பமுள்ளவர்கள் கூடுதலாக 2 மணி நேரம் பார்க்கலாம்.”

ஜவுளிக்கடை முதலாளி இப்படி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஷிப்ட் சரிதான், கூடுதல் நேரத்துக்கான சம்பளத்தைச் சொல்லவில்லையே!

தமிழ்நாடு கடைகள் சட்டப்படி வேலை நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. கூடுதல் நேரத்தைச் சேர்த்தாலும் 10, 54-ஐத் தாண்டக்கூடாது. ஆகவே வாரத்தில் மூன்று நாள் மட்டுமே 2 மணி நேரம் கூடுதலாக நிற்கலாம்.

அதற்கு இரட்டைச் சம்பளம் உண்டு. நாள் சம்பளம் 600 ரூபாய் என்றால் மணிக்கு 75. கூடுதல் 2 மணி நேரத்துக்கு 300 ரூபாய். புடவை மடித்துச் சலித்த கைகளுக்கு அந்தக் கணக்கும் செய்தியிலேயே தெரிய வேண்டும்.